ஆலைப் பணத்துக்குக் காத்திருக்கும் சரக்குக்காரர்களுக்கு

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களுக்கும் செம்பனை ஆலைகளுக்கும் கையுறை, பூட்ஸ், அறுவாள் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் உங்களில் நானும் ஒருவன். "இன்வாய்ஸைக் கொடுங்கள், பணத்தை நாளைக்கே தருகிறோம், மாதம் ஒன்றரை சதவீதம்தான்" என்று நிதி நிறுவனங்களிடமிருந்து உங்களுக்கும் அழைப்பு வந்திருக்கும். எனக்கும் வந்தது, நானும் கையெழுத்துப் போட்டேன்.

என் இன்வாய்ஸ் 20,000 ரிங்கிட். முதலில் 80 சதவீதம், அதாவது 16,000 கைக்கு வந்தது. மீதி 4,000-ஐ, ஆலை பணம் கட்டிய பிறகு கழிவு போகத் தருவதாகப் பேச்சு. தாளில் 60 நாள் என்றிருந்தாலும் ஆலை கட்டியது 90-ஆம் நாள்தான். முன்பணத்துக்கு மாதம் 240 வீதம் மூன்று மாதத்துக்கு 720, சேவைக் கட்டணம் 200, ஆக மொத்தம் 920 போய்விட்டது. அந்தச் சரக்கில் எனக்கு லாபமே 1,600தான். 16,000-க்கு மூன்று மாதத்தில் 920 என்றால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 23 சதவீதம்! ஆகவே, ஒன்றரை என்று கேட்டதும் மயங்காதீர்கள். உங்கள் ஆலை உண்மையில் எத்தனை நாளில் கட்டுகிறது என்று பழைய பேங்க் ஸ்டேட்மெண்டைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

இப்படி இன்வாய்ஸைக் கொடுத்துப் பணம் வாங்குவதில் இரண்டு வகை உண்டு. பேக்டரிங்கில், இன்வாய்ஸ் கைமாறியதை ஆலைக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவார்கள். ஆலை பணத்தை அவர்களுக்கே நேராகக் கட்டும். டிஸ்கவுண்டிங்கில் பெரும்பாலும் ஆலைக்குத் தெரியாது. வசூலிப்பது நாம்தான், ஆனால் வந்த பணம் நம்முடையது அல்ல. அதை எடுத்து வேறு சரக்கு வாங்கினால் சிக்கல்.

ஒப்பந்தத்தில் 'ரீகோர்ஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். அது இருந்தால், குறித்த நாளுக்குள் ஆலை கட்டாதபோது அந்த 16,000-ஐ நாம்தான் திருப்பித் தரவேண்டும். கடன் நம் தலையைவிட்டு இறங்கவில்லை என்று அர்த்தம். ரீகோர்ஸ் இல்லாத ஒப்பந்தமும் பொதுவாக, சரக்கு வாங்கிய ஆலை நொடித்துப்போனால் மட்டுமே காப்பாற்றும். இரண்டு பெட்டி பூட்ஸ் சைஸ் சரியில்லை என்று ஆலை பணத்தை நிறுத்தினால், அது நம் பாடு. அதனால் டெலிவரி ஆர்டரில் சாப்பும் கையெழுத்தும் வாங்காமல் லோரியைத் திருப்பாதீர்கள். ஆலையின் கொள்முதல் ஆர்டரின் பின்பக்கத்தையும் படியுங்கள். பணம் பெறும் உரிமையை வேறு யாருக்கும் மாற்றக்கூடாது என்ற விதி சிலவற்றில் இருக்கும்.

இத்தனைக்கும் முன்னால், ஆலையின் கணக்கு கிராணியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "பத்து நாளில் கட்டினால் இரண்டு சதவீதம் தள்ளுபடி தருகிறேன்." 20,000-க்கு அது 400 ரிங்கிட்தான். நான் அதைக் கேட்டது, 920 போன பிறகு.