பதினாறு குருட்டு ஊகத்துக்கு ஒரு மதிப்பெண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கல்விப் பக்கத்தில், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் நுழைவுத் தேர்வைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதால், உறுதியாகத் தெரியாத வினாவைத் தொடவே கூடாது என்பது அதன் முக்கிய அறிவுரை. முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்ற முறையிலும், சென்ற ஆண்டு இத்தேர்வுக்குப் படித்த பேத்தியோடு மாலை வேளைகளில் உட்கார்ந்தவன் என்ற முறையிலும், இந்த அறிவுரை கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

இளநிலைப் படிப்புக்கான கிளாட் தேர்வில் இப்போது 120 வினாக்கள். நேரம் இரண்டு மணி. ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும், தவறினால் கால் மதிப்பெண் போகும், விட்டுவிட்டால் எதுவும் இல்லை. ஒன்றுமே தெரியாமல் பதினாறு வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தால், சராசரியாக நான்கு சரியாகவும் பன்னிரண்டு தவறாகவும் அமையும். நான்கு வரும், மூன்று போகும், ஒன்று மிஞ்சும். தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்திருந்தால்தான் வரவும் செலவும் சரிக்குச் சரியாக இருந்திருக்கும். கால் மதிப்பெண் என்பது ஐந்து விடைகள் உள்ள வினாவுக்குப் பொருந்தும் தண்டனை. ஆகவே ஒரு விடை சரியாக இருக்க ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே, அதைக் குறிப்பதுதான் ஆதாயம்.

இதைப் படித்துவிட்டு மாணவர்கள் எல்லா வட்டங்களையும் நிரப்பக் கிளம்பிவிட வேண்டாம். பதினாறு வினாவுக்கு ஒரு மதிப்பெண் என்பது மிக மெல்லிய ஆதாயம், அதுவும் சராசரிதான். பதினாறில் மூன்றோ அதற்குக் குறைவாகவோ சரியானால் நஷ்டம். அப்படி நேர நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு உண்டு. கால் மதிப்பெண்ணிலேயே தரவரிசை நகரும் தேர்வில் இது சீட்டாட்டம் போன்றது. பலன் கூடுவது விடைகளைக் கழிக்கத் தொடங்கும்போதுதான். ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று தள்ளிவிட முடிந்தால், ஒரு வினாவுக்குக் கிடைக்கும் சராசரி ஆதாயம் ஆறில் ஒரு மதிப்பெண்ணாகிறது. இரண்டைத் தள்ளிவிட்டால் அது முக்கால் பங்கின் பாதி, அதாவது 0.375. இந்த நிலையில் உள்ள வினாவை அஞ்சி விட்டுவிடும் மாணவர், தம் மதிப்பெண்ணைத் தாமே குறைத்துக்கொள்கிறார்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: மிஞ்சியிருக்கும் விடைகள் எல்லாம் நம் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிய வேண்டும். வினா தயாரிப்பவர் அப்படி விடமாட்டார். அவசரக்காரரை இழுப்பதற்கென்றே ஒரு விடையை எழுதி வைப்பார். இது சட்டப் பகுத்தறிவுப் பகுதியில்தான் அதிகம். அங்கே பத்தியில் சொல்லப்பட்ட விதியை மட்டும் கொண்டு முடிவு செய்ய வேண்டும், நம் நியாய உணர்வையோ வெளியில் கேள்விப்பட்ட சட்டத்தையோ கலக்கக் கூடாது.

நான் பேத்திக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஒன்றைச் சொல்கிறேன். பதினெட்டு வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, அவர் வயதைப் பொய்யாகச் சொல்லியிருந்தாலும் அந்தப் பொய் ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுக்காது என்பது பத்தியில் உள்ள விதி. பதினேழு வயதுப் பையன் போலிச் சான்றிதழைக் காட்டிக் கடன் வாங்குகிறான். கடன் கொடுத்தவர் ஒப்பந்தத்தின் பேரில் வழக்குத் தொடர்கிறார். விடைகள்: (அ) ஏமாற்றப்பட்டதால் அவர் வெல்வார், (ஆ) ஒப்பந்தமே செல்லாது என்பதால் தோற்பார், (இ) பையனுக்குப் பதினெட்டு ஆனதும் வெல்வார், (ஈ) சான்றிதழைச் சரிபார்க்காததால் தோற்பார். பேத்தி படித்த வேகத்தில் ‘அ’வைக் குறித்தாள். பொய் சொன்னவன் தப்பிக்கக் கூடாது என்று மனம் சொல்கிறது அல்லவா? பத்தி அதை நேராகவே மறுக்கிறது. தொடக்கத்திலேயே செல்லாத ஒன்று பிறந்தநாளில் எழுந்து வராது என்பதால் ‘இ’யும் போகிறது. மிஞ்சும் ‘ஆ’, ‘ஈ’ இரண்டிலும் முடிவு ஒன்றுதான், காரணம்தான் வேறு. ‘ஈ’ சொல்லும் காரணம் பத்தியில் எங்குமே இல்லை. முதலில் முடிவைக் கொண்டு கழித்து, பிறகு காரணத்தைக் கொண்டு கழித்தால், ஊகத்துக்கே வேலையில்லாமல் போகிறது.

எட்டு மாதிரித் தேர்வுகளில், உறுதியில்லாத ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் அவளைப் பென்சிலால் ஒரு குறி போடச் சொன்னேன். ஒன்றும் தெரியாமல் குறித்ததற்குப் புள்ளி, இரண்டு விடைகள் மிஞ்சியதற்குக் கோடு, பத்தியைத் திரும்பப் பார்க்காமல் பிடித்துப்போய்க் குறித்ததற்கு வட்டம். புள்ளி வைத்த 48 வினாக்களில் 11 சரி. மொத்த ஆதாயம் 1.75. கோடு போட்ட 52இல் 29 சரி, ஆதாயம் 23.25. வட்டமிட்ட 31இல் ஐந்தே சரி. ஒன்றரை மதிப்பெண் நஷ்டம். எட்டுத் தேர்வுகள் என்பது சிறிய அளவுதான், இன்னொரு பிள்ளைக்கு எண்கள் வேறாக வரலாம். ஆனாலும் அவளுக்கு ‘தெரியாது’ செய்யாத கெடுதலை ‘தெரிந்த மாதிரி இருக்கிறது’ செய்திருந்தது. பயிற்சி நிலையங்கள் மொத்த மதிப்பெண்ணை மட்டும் தருவதால் இது எவர் கண்ணிலும் படுவதில்லை.

நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடப்பு நிகழ்வுகள் பகுதியில் ஒரு செய்தி தெரியாவிட்டால் யோசித்து வரப்போவதில்லை. அங்கே கழிப்பதற்குப் பத்து நொடிக்கு மேல் செலவிடுவது வீண். பத்தியைக் கொண்டே முடிவு செய்யும் வினாக்களில் திரும்பப் படிக்கும் ஒரு நிமிடம் வட்டத்தைக் கோடாக மாற்றும். எனவே குருட்டு ஊகத்துக்கான நேரத்தை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதே நல்லது.

விட்டுவிடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. விடைகளை ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் நிரப்புவதால் திருத்த வழியில்லை. ஒரு மாதிரித் தேர்வில் பேத்தி 37ஆம் வினாவைத் தாண்டிவிட்டு, 38இன் விடையை 37இன் வரிசையில் நிரப்பிவிட்டாள். ஆறு வினா தள்ளித்தான் கவனித்தாள். அதன் பிறகு, தாண்டும் வினாவின் எண்ணை வினாத்தாளில் சுழித்துவிட்டு, பத்தி முடிந்ததும் எண்ணைச் சரிபார்த்த பிறகே விடைத்தாளைத் தொடுவது என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று. மகாராஷ்டிரத்தின் சட்ட நுழைவுத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அங்கே ஒரு வினாவைக்கூட விடையளிக்காமல் விடக் கூடாது. தங்கள் கட்டுரை எல்லா நுழைவுத் தேர்வுகளுக்கும் ஒரே அறிவுரையைப் பொதுவாகச் சொல்லியிருப்பதால், இரண்டுக்கும் விண்ணப்பிக்கும் மாணவர் அங்கே தேவையில்லாமல் மதிப்பெண்ணை இழப்பார். தொடரின் அடுத்த பகுதியில் இதைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி