பொருள்: ‘ஆடியோ மட்டும்’ ஏற்றுமதியில் விருந்தினரின் குரல் விடுபடுவது குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் வீடியோ எடிட்டிங் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா செலுத்திப் பயன்படுத்தி வருகிறேன். வீடியோவாகப் பதிவு செய்த நேர்காணல்களிலிருந்து ஒலியை மட்டும் எடுத்து பாட்காஸ்டாக வெளியிடுவது என் பணி. அதற்கென்றே தாங்கள் விளம்பரப்படுத்தும் ‘ஆடியோ மட்டும்’ என்ற வசதியே இப்போது என் வேலையைக் கெடுக்கிறது.

ஒரு மணி நேர நேர்காணல் ஒன்றில் என் காலர் மைக்கை இடது சேனலிலும் விருந்தினரின் மைக்கை வலது சேனலிலும் பதிவு செய்திருந்தேன். இருவர் பேசும் நேர்காணலில் இது வழக்கமான முறைதான். ஒருவர் இருமினால் மற்றவரின் குரலைத் தொடாமல் அதை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். பேச்சுக்கு மோனோவே போதும் என்பதால் அந்தத் தேர்வைக் கொடுத்து எம்பி3 கோப்பாக எடுத்தேன். கோப்பில் என் கேள்விகள் தெளிவாக இருக்கின்றன. பதில்களோ என் மைக்கில் தூரத்திலிருந்து கசிந்த அளவுக்கே கேட்கின்றன. தங்கள் மென்பொருள் இரு சேனல்களையும் கலக்காமல், இடது சேனலை மட்டும் வைத்துக்கொண்டு வலதை விட்டுவிடுகிறது என்பதே இதற்குக் காரணம்.

பதிவில்தான் கோளாறு என்று தங்கள் உதவிப் பிரிவு பதில் எழுதியது. அது சரியல்ல. அதே வீடியோவை ஸ்டீரியோவாக எடுத்தால், இயர்போனின் வலது பக்கத்தில் விருந்தினரின் குரல் முழுமையாக ஒலிக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் கருவியில் கீழ்க்கண்ட கட்டளையைக் கொடுத்தபோது மோனோவிலும் இருவர் குரலும் வந்துவிட்டன.

```
ffmpeg -i interview.mp4 -vn -ac 1 -c:a libmp3lame -b:a 64k interview.mp3
```

இதில் `-vn` படத்தை நீக்குகிறது, `-ac 1` இரு சேனல்களையும் ஒன்றாகக் கலக்கிறது. அப்படிக் கலக்கும்போது ஒவ்வொரு குரலும் பாதியாகிச் சற்றே தணிகிறது. ஆனால் ஒலியளவைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். இல்லாத குரலை எங்கிருந்து கொண்டுவருவது?

கோப்பின் அளவு குறித்தும் எனக்குக் குறை உண்டு. மேற்கண்ட கட்டளை 64 கிலோபிட் வேகத்தில் ஏறத்தாழ 29 எம்பி கோப்பைத் தந்தது. தங்கள் மென்பொருளில் எம்பி3-க்கு 320 கிலோபிட் தவிர வேறு தேர்வே இல்லாததால் அதே ஒரு மணி நேரம் 144 எம்பி ஆகிறது. மொபைல் டேட்டாவில் கேட்கும் நேயர்களுக்கு, வெறும் பேச்சுக்காக இத்தனை பெரிய கோப்பை நான் எப்படிக் கொடுப்பது?

எனவே மோனோ தேர்வு இரு சேனல்களையும் கலக்கும்படி அடுத்த பதிப்பிலேயே திருத்த வேண்டும் என்றும், எம்பி3-க்கு 64, 96 கிலோபிட் தேர்வுகளைச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இயலாதெனில், சந்தாவில் எஞ்சியுள்ள மாதங்களுக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டுகிறேன். இரு கோப்புகளிலும் ஒரே கேள்வியும் பதிலும் வரும் சிறு பகுதியை வெட்டி இத்துடன் இணைத்துள்ளேன்; பதில் எழுதும் முன் அவற்றை இயர்போனில் கேட்டுப் பார்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்