பாட்டுச் செயலியை நீக்கினால் பணம் பிடிப்பது நிற்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழ் வாசகர் பக்கத்தில் ஒருவர், மாதாமாதம் பணம் பிடிக்கும் பாட்டுச் செயலிகளைப் பற்றிக் குறைபட்டு எழுதிவிட்டு, "போனிலிருந்து அந்தச் செயலியை நீக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று முடித்திருந்தார். குறை நியாயமானது. தீர்வு மட்டும் தவறு. குடியாத்தத்தில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவன் நான். இப்படி நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் பாஸ்புக்கோடு என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருவில் ஒரு பெண், ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. பஸ்ஸில் விளம்பரம் இல்லாமல் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில், மே 16ஆம் தேதி, ஒரு செயலியில் முப்பது நாள் இலவசம் என்ற சலுகையை எடுத்திருக்கிறாள். அப்போது 2 ரூபாய் போய், உடனே திரும்பியும் வந்தது. ஜூன் 15இல் 119 ரூபாய், ஜூலையில் 119. பிறகு அலுத்துப்போய் ஜூலைக் கடைசியில் செயலியை நீக்கிவிட்டாள். ஆகஸ்டில் 119 போனது, செப்டம்பரில் 119 போனது, அக்டோபரில் 139 போனது. தொகை மாறியதும்தான் கவனித்திருக்கிறாள். "செயலியை எப்பவோ தூக்கிட்டேன் மாமா, காசு மட்டும் போய்னே இருக்குது. பின் நம்பர் கூடப் போடலையே, எப்படி எடுக்கறான்?" என்று கேட்டாள்.

பின் நம்பரை அவள் போட்டிருக்கிறாள். மே 16ஆம் தேதி, அந்த 2 ரூபாய்க்கு. அவள் ஒப்புதல் கொடுத்ததாக நினைத்தது 2 ரூபாய்க்கு. உண்மையில் கொடுத்தது ஒரு மேண்டேட்டுக்கு. இன்னார் என் கணக்கிலிருந்து, இந்த இடைவெளியில், இந்தத் தொகை வரை, இந்தத் தேதி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கிக்குத் தரும் நிலையான அனுமதி அது. அது பாட்டுச் செயலிக்குள் இருப்பதில்லை. யுபிஐ வழியாக அவளுடைய வங்கிக் கணக்கின் மேல் பதிவாகியிருக்கிறது. போனில் எதை நீக்கினாலும் அது அங்கேயே இருக்கும். பால்காரரிடம் நிறுத்தச் சொல்லாமல் கதவைப் பூட்டிக்கொண்டால் மாதக் கடைசியில் கணக்கு வரத்தானே செய்யும்?

சரி, அந்த மேண்டேட்டைத் திறந்து பார்த்தோம். மாதம் ஒரு முறை என்று இருந்தது. முடிவுத் தேதி பல ஆண்டுகள் தள்ளி. தொகை என்ற இடத்தில் 119 இல்லை, "1,500 வரை" என்று இருந்தது. பாதிப் பேர் படிக்காமல் தாண்டிப் போகும் இடம் இதுதான்.

இப்படி மேண்டேட்டின்படி தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டுக்கு ஆட்டோபே என்று பெயர். அதில் தொகையை இரண்டு விதமாகப் பதியலாம். ஒன்று, நிலையான தொகை. 119 என்றால் 119 மட்டும்தான். நிறுவனம் விலையை ஏற்றினால் உங்களிடம் புதிதாக ஒப்புதல் வாங்கியாக வேண்டும். இன்னொன்று, உச்சவரம்பு. அந்த வரம்புக்குள் எவ்வளவு கேட்டாலும், மறுபடி பின் கேட்காமல் போய்விடும். விலை 139 ஆனபோது அவளை யாரும் எதுவும் கேட்காததற்குக் காரணம் இதுதான். நிறுவனங்கள் உச்சவரம்பை ஏன் விரும்புகின்றன என்றால், நாளைக்கு விலை ஏறினாலும், வாடிக்கையாளர் குடும்பத் திட்டத்துக்கு மாறினாலும் அதே ஒப்புதலை வைத்தே பணம் எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அது வசதி. 119 ரூபாய்ப் பாட்டுக்கு 1,500 ரூபாய் வரம்பு எதற்கு என்று கேட்பது நம்முடைய வேலை.

ரிசர்வ் வங்கி விதிப்படி, பின் இல்லாமல் ஒரு முறையில் இப்படிப் பிடிக்கக்கூடிய தொகைக்கு 15,000 ரூபாய் என்று எல்லை உண்டு. முதலில் 2,000 ஆக இருந்தது, பிறகு 5,000, 2022 ஜூனில் 15,000 ஆனது. மியூச்சுவல் பண்ட், காப்பீட்டுப் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு மட்டும் 1 லட்சம். அது நாட்டுக்கே பொதுவான எல்லை. நம் பாக்கெட்டுக்கான எல்லை, பின் போடும் முன் திரையில் தெரியும் அந்தத் தொகைதான்.

அந்தத் தொகையைப் பெரும்பாலும் நிறுவனமே நிரப்பி அனுப்பும். நம்மால் அதைக் குறைக்க முடியாமல் போகலாம். அப்போது நம் கையில் இருப்பது இரண்டு வழி. ஒப்புதல் தராமல், ஒரு மாதத்துக்கு மட்டும் ஒரே தடவை பணம் கட்டும் திட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வழி. சில பாட்டுச் செயலிகளில் அது கொஞ்சம் கீழே ஒளிந்திருக்கும். இரண்டாவது, ஆட்டோபே போடும்போது சம்பளக் கணக்கைக் காட்டாமல், சில நூறு ரூபாய் மட்டும் கிடக்கும் வேறொரு சேமிப்புக் கணக்கைக் காட்டுவது. பின் போடுவதற்கு முந்தைய திரையில் எந்தக் கணக்கு என்று தேர்ந்தெடுக்கலாம். வரம்பு 1,500 என்று எழுதியிருந்தாலும், கணக்கில் 200தான் இருந்தால் 200க்கு மேல் போகாது.

ஆனால் கணக்கைக் காலியாக வைப்பதையே நிறுத்தும் வழியாக நினைக்கக் கூடாது. இதையும் பலர் செய்கிறார்கள். பணம் இல்லாவிட்டால் அந்தத் தடவை பிடிப்பு தோற்கும், மறுமுயற்சி நடக்கும். 2025 ஆகஸ்ட் முதல் ஒரு முயற்சியும் மூன்று மறுமுயற்சியும்தான் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ வரையறுத்திருக்கிறது. அவையும் தோற்றால் பாட்டுச் சேவை நிற்கலாம். மேண்டேட் சாகாது. அடுத்த மாதத் தேதியில் மறுபடி கேட்கும், அன்றைக்குச் சம்பளம் ஏறியிருந்தால் எடுத்துக்கொள்ளும்.

நிறுத்துவதற்கு இரண்டு இடங்களில் வேலை இருக்கிறது. முதலில் பாட்டுச் செயலியில் கணக்குப் பகுதிக்குப் போய்ச் சந்தாவை ரத்து செய்ய வேண்டும். செயலியை நீக்கியிருந்தால் திரும்ப இறக்கி, அதே போன் எண்ணில் அல்லது மின்னஞ்சலில் நுழைய வேண்டும். சந்தாவைப் பிளே ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால் ரத்தும் பிளே ஸ்டோரின் சந்தாப் பக்கத்தில்தான். மேண்டேட்டிலும் பாட்டுச் செயலியின் பெயருக்குப் பதில் பிளே ஸ்டோரின் பெயரே நிற்கும். பெயர் தெரியாமல் திகைப்பவர்கள் தொகையையும் தேதியையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

அப்புறம் யுபிஐ செயலி. சுயவிவரப் பக்கத்தில் Autopay என்று ஒரு பகுதி இருக்கும். உள்ளே நடப்பில் உள்ள மேண்டேட்டுகள் வரிசையாக நிற்கும். உரியதைத் தொட்டு, ரத்து என்பதைத் தேர்ந்தெடுத்து, பின் போட வேண்டும். பணம் வாங்காத விஷயத்துக்கு எதற்குப் பின் என்று தயங்க வேண்டாம். ஒப்புதலைத் திரும்பப் பெறுவதற்கும் கணக்குக்காரரின் உறுதி வேண்டும் என்பது விதி. அதே இடத்தில் தற்காலிக நிறுத்தம் என்றும் ஒன்று இருக்கும். இரண்டு மாதம் கழித்துத் திரும்பக் கேட்கப்போகிறவருக்கு அது சரி. வேண்டவே வேண்டாம் என்பவர் அதைத் தொடக் கூடாது, திரும்ப உயிர் வந்துவிடும். ரத்து செய்த பின் அந்த மேண்டேட் நடப்புப் பட்டியலிலிருந்து போய், முடிந்தவை பக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருப் பெண்ணுக்கு இங்கேதான் சிக்கியது. மே மாதம் ஒரு யுபிஐ செயலியில் பதிந்துவிட்டு, இடையில் வேறு யுபிஐ செயலிக்கு மாறியிருந்தாள். புதியதில் தேடினால் மேண்டேட்டே காணோம். பழைய செயலியை அதே சிம்மில் திரும்ப நிறுவியதும் கிடைத்தது. எந்தச் செயலியில் பதிந்திருந்தாலும் எல்லா மேண்டேட்டுகளையும் வாடிக்கையாளர் பார்க்க வழி செய்யும்படி 2025 அக்டோபரில் என்பிசிஐ சொல்லியிருக்கிறது. ஆனாலும் காணவில்லை என்றால் பதிந்த இடத்தில் தேடுவதுதான் சுருக்கு வழி.

முதல் இடத்தில் மட்டும் ரத்து செய்தால் நிறுவனம் பணம் கேட்பதை நிறுத்தும், ஆனால் மேண்டேட் உயிரோடு கிடக்கலாம். இரண்டாவது இடத்தில் மட்டும் ரத்து செய்தால் யுபிஐ வழியாகப் பணம் போகாது, ஆனால் நிறுவனத்தின் ஏட்டில் நீங்கள் இன்னும் சந்தாதாரர். அங்கே உங்கள் கார்டு விவரமும் சேமித்திருந்தால் அந்தப் பக்கம் கை நீளலாம். ஆகவே இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் யுபிஐ பக்கத்தைச் செய்யுங்கள் என்பேன். அது நம் வங்கியோடு முடிகிற வேலை, யாருடைய "போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம்" என்ற கெஞ்சலையும் தாண்ட வேண்டியதில்லை.

நேரமும் முக்கியம். பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் யார், எவ்வளவு, எப்போது என்று அறிவிப்பு வந்தாக வேண்டும். அந்தப் பெண்ணின் போனிலும் மாதாமாதம் 14ஆம் தேதி வந்திருக்கிறது. லோன் விளம்பரங்களுக்கும் ரம்மி விளம்பரங்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டதால் படிக்கவில்லை. அறிவிப்பு வந்த பிறகும் ரத்து செய்யும் உரிமை உண்டு. ஆனால் ஏற்கெனவே வழியில் இருக்கும் பிடிப்பு தப்பிப் போய்விட வாய்ப்பிருக்கிறது. 15ஆம் தேதி பிடிப்பு என்றால் 12, 13க்குள் முடித்துவிடுவது நல்லது. இலவச மாதம் எடுத்தவர்களும் கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம்.

செயலியை நீக்கிய பிறகு மூன்று மாதத்தில் போன 377 ரூபாய் திரும்ப வருமா என்று கேட்டாள். வங்கியில் கேட்டுப் பயனில்லை. அந்த மூன்று பிடிப்புகளும் நடப்பில் இருந்த மேண்டேட்டின்படி நடந்தவை. நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம், தருவது அவர்கள் விருப்பம். கேட்பதற்காக இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண் என்று தேடி எதையாவது அழைத்துவிடக் கூடாது. 377ஐத் தேடப் போய்க் கணக்கையே இழந்தவர்கள் உண்டு. செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதி போதும்.

ரத்து செய்த பிறகும் பணம் போனால் விஷயம் வேறு. அது வங்கி பதில் சொல்ல வேண்டிய பிழை. அதற்காகத்தான் ரத்தான திரையை, மேண்டேட் எண்ணும் தேதியும் தெரிய, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். முதலில் யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதிய வேண்டும், அப்புறம் வங்கியில் எழுத்தில் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.