கல்வி உதவி நிதித் திரட்டு: நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பழைய அரசுப் பள்ளியில் படிப்பை முடித்து மேலே படிக்கப் போகும் பிள்ளைகளுக்காக நிதி திரட்டும் பணி முடிந்தது. கட்டடம் கட்டியிருந்தால் அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டியிருப்போம். இதில் காட்டுவதற்கு வங்கியின் வைப்பு ரசீது ஒன்றுதான் இருக்கிறது. அதனால் எப்படித் திரட்டினோம், எவ்வளவு சேர்ந்தது, இவ்வளவு சேர்ந்தும் இந்த ஆண்டு ஏன் இரண்டே பேருக்கு உதவுகிறோம் என்பதை எழுத்தில் சொல்லிவிடுகிறோம். பலரும் தொலைபேசியில் கேட்டது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.

தொகைகளைப் பங்கு கணக்கில் சொல்கிறோம். ஒரு மாணவருக்கு ஓராண்டுக்கு ஆகும் கட்டணம், விடுதி, புத்தகச் செலவு எல்லாம் சேர்ந்தது ஒரு பங்கு. முதல் கடிதத்திலேயே இப்படி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, அதற்கான பலனையும் பார்த்தோம்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுகளிலிருந்து பெயர்களை எடுத்து, தெரிந்தவர்களிடம் விசாரித்து, 640 முகவரிகள் சேர்த்தோம். பதிவேட்டில் இருப்பது பிள்ளையைச் சேர்த்த நாளில் இருந்த முகவரி. அந்த வீட்டில் இன்று யார் இருக்கிறார்களோ! 118 உறைகள் திரும்பி வந்தன. ஒன்றின் மேல் பென்சிலால், "அவர் போய் ரொம்ப நாளாச்சு" என்று எழுதியிருந்தது. ஊரை விட்டுப் போனாரா, உலகத்தை விட்டா என்று தெரியவில்லை. அவருடைய வகுப்புத் தோழர் ஒருவரிடம் கேட்டோம். அவர் நலமாக இருக்கிறார், பிறகு அரைப் பங்கும் அனுப்பினார்.

முதல் கடிதம் இரண்டு பக்கம். பள்ளியின் பெருமை, கல்வியின் மேன்மை, குழுவினர் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்து, கடைசிப் பத்தியில் "தங்களால் இயன்றதை வழங்கி உதவுமாறு வேண்டுகிறோம்" என்று முடிந்தது. பணம் அனுப்பியவர்கள் 41 பேர், சேர்ந்தது 11 பங்கு. அனுப்பாதவர்களில் சிலரைக் கூப்பிட்டுப் பேசினோம். கொடுக்க மனமில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. "எவ்வளவு கொடுத்தால் மரியாதையாக இருக்கும் என்று தெரியவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தேன்" என்பதுதான் திரும்பத் திரும்பக் கேட்ட பதில். 'இயன்றது' என்று எழுதியது பணிவு என்று நினைத்தோம். படித்தவர்களுக்கு அது விடை தெரியாத கணக்காகப் போய்விட்டது.

இரண்டாவது கடிதத்தைக் குழுவின் பெயரில் அனுப்பவில்லை. ஒவ்வோர் ஆண்டு மாணவர்களிலும் ஒருவரைப் பிடித்து, அவர் பெயரிலும் அவர் கையெழுத்திலும் அனுப்பினோம். அதன் நடுப்பகுதி இது:

"நம்மோடு படித்தவர்களில் இடம் கிடைத்தும் பணம் கட்ட முடியாமல் மேலே போகாதவர்கள் யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது அப்படி ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக்கு ஆவது ஒரு பங்கு. நான் ஒரு பங்கு கொடுத்திருக்கிறேன். உன்னிடம் அரைப் பங்கு கேட்கிறேன். கால் பங்கு என்றாலும் சரி. இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடு."

ஒரு பக்கம்கூட இல்லை. எழுதியவர் தாம் கொடுத்ததை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டதுதான் வேலை செய்தது என்பது எங்கள் எண்ணம். பணம் கட்டாமல் கையெழுத்து மட்டும் போட முன்வந்த இரண்டு பேரிடம், கட்டிய பிறகே கடிதம் போகும் என்று சொல்லிவிட்டோம். வருத்தம்தான், ஆனால் கட்டினார்கள்.

இம்முறை 203 பேர் அனுப்பினார்கள், 201 பங்கு. அதில் 96 பங்கு ஒன்பது பேரிடமிருந்து வந்தது. அவர்களைக் கடிதத்தோடு விடாமல் நேரில் போய்ப் பார்த்தோம். ஆக மொத்தம் 212 பங்கு. இலக்கு 250. வாக்குக் கொடுத்து இன்னும் வராத 31 பங்கை இதில் சேர்க்கவில்லை, வந்த பிறகே சேர்ப்போம். அச்சு, தபால் செலவு ஒன்றரைப் பங்கைக் குழுவினரே தனியாகப் போட்டுக்கொண்டார்கள்.

முதல் சுற்றில் வங்கி அறிக்கையில் பெயரே தெரியாத வரவுகள் 17 இருந்தன. அனுப்பியவர் வேறு யாருடைய கணக்கிலிருந்தோ போட்டிருப்பார், ரசீது யாருக்குத் தருவது? இரண்டாவது கடிதத்தில், பள்ளி முடித்த ஆண்டின் கடைசி இரண்டு எண்ணும் தொகையின் கடைசி இரண்டு எண்ணாக வரும்படி அனுப்பக் கேட்டோம். 1984இல் முடித்தவர் என்றால் தொகை 84இல் முடியும். வரவைப் பார்த்ததுமே எந்த ஆண்டுக்காரர் என்று தெரியும், அந்த ஆண்டின் பொறுப்பாளரைக் கேட்டால் பெயர் கிடைத்துவிடும். பழைய 17இல் ஐந்து இன்னும் தெரியவில்லை. அவற்றைத் தனியே, ஆள் தெரியாத வரவு என்றே காட்டியிருக்கிறோம். ரசீது வராதவர்கள் தெரிவியுங்கள்.

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம். 212 பங்கு இருக்கும்போது ஏன் இரண்டு பேர்?

இது செலவழித்துத் தீர்க்கும் பணமில்லை. முதலைத் தொடக்கூடாது என்று பொதுக்கூட்டத்தில் முடிவு செய்தோம். வைப்புக்கு இப்போது 7 விழுக்காடு வட்டி. முழுவதையும் எடுத்தால் ஆண்டுக்கு 14 பங்குக்குச் சற்று மேலே வரும். நாங்கள் 4 விழுக்காடு மட்டும் எடுத்து மீதியை முதலிலேயே சேர்க்கிறோம். அப்போது ஆண்டுக்கு எட்டுப் பங்கு கிடைக்கும். ஒரு பிள்ளையை எடுத்தால் நான்கு ஆண்டும் படிக்க வைக்க வேண்டும். இந்த ஆண்டே எட்டுப் பேரை எடுத்தால் அடுத்த மூன்று ஆண்டு புதிதாக ஒருவரையும் எடுக்க முடியாது. ஆண்டுக்கு இரண்டு பேர் என்று எடுத்தால் நான்காம் ஆண்டில் எட்டுப் பேர் படித்துக்கொண்டிருப்பார்கள், அதன் பிறகு இருவர் வெளியேற இருவர் உள்ளே வருவார்கள். முதல் மூன்று ஆண்டில் மீதமாகும் 6, 4, 2 பங்கு, ஆக 12 பங்கும் முதலோடு சேரும்.

முழு வட்டியையும் எடுத்திருக்கலாமே என்று வாதாடியவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டில் அப்படித்தான் அதிகப் பேர் படிப்பார்கள். ஆனால் வட்டி ஐந்தரை விழுக்காட்டுக்கு இறங்கினால் 14 பங்கு 11 ஆகும். அப்போது மூன்று பேரைப் பாதிப் படிப்பில் நிறுத்த வேண்டிவரும். 4 விழுக்காட்டில் அந்த நிலை வராது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். படிப்புச் செலவு ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால், 3 விழுக்காடு சேர்த்துவைப்பது ஈடுகட்டாது. ஆண்டுதோறும் கொஞ்சம் புதுப் பணம் வந்தால்தான் எட்டு எட்டாக நிற்கும்.

ஒருவர் 20 பங்கு தர முன்வந்தார், பெறும் மாணவரைத் தம் குடும்பம்தான் தேர்ந்தெடுக்கும் என்ற நிபந்தனையோடு. தந்தையின் பெயரை வைக்கச் சம்மதித்தோம், தேர்வைக் கொடுக்கவில்லை. பணம் வரவில்லை. குழுவில் இன்றும் இதில் இரண்டு கருத்து உண்டு. தேர்வு இப்படி நடந்தது: வகுப்பாசிரியர்கள் பட்டியல் தந்தார்கள், குழுவில் மூவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், மதிப்பெண்ணோடு வீட்டு நிலையையும் எழுதி முடிவு செய்தார்கள். இருவரின் பெயரும் இந்த அறிக்கையில் இல்லை. மேடையில் காசோலையோடு நிற்கவைத்துப் படம் எடுக்கவும் இல்லை.

வரவு செலவுப் புத்தகமும் வைப்பு ரசீதும் செயலாளரிடம் இருக்கின்றன, எந்த உறுப்பினரும் பார்க்கலாம். 31 பங்குக்கு வாக்குக் கொடுத்தவர்களுக்கு அவரவர் வகுப்புத் தோழரின் கடிதம் அடுத்த வாரம் வரும்.

இப்படிக்கு,
நிதித் திரட்டுக் குழு