லாஸ் ஏஞ்சலஸ் 2028: நம் மாலையில் எது வரும்?

உறுப்பினர்களே, ஒலிம்பிக் அட்டவணையை நம் இந்திய நேரத்துக்கு மாற்ற 12½ மணி நேரம் கூட்டினால் போதும். காலையை இரவாக்கி அரை மணி சேருங்கள்; அவ்வளவுதான்.

பொமோனாவில் நடக்கும் கிரிக்கெட்டையே பாருங்கள். அங்கே காலை 9:00 ஆட்டம் நமக்கு அதே நாள் இரவு 9:30. மாலை 6:30 ஆட்டமோ மறுநாள் காலை 7:00. தேதியில்தான் பலரும் தவறுவார்கள்: அங்கே காலை 11:30 ஆனதுமே நமக்கு அடுத்த தேதி பிறந்துவிடும். ஜூலை 20 என்று போட்டிருக்கும் இரவு இறுதியாட்டங்களை நாம் 21 காலையில்தான் பார்ப்போம். ஆகவே நம் மாலைக்கு அவர்களின் காலை ஆட்டங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் மாற்றும் தளங்களில் PST என்று தேர்ந்தெடுக்காதீர்கள். ஜூலையில் அங்கே கோடை நேரம், அதாவது PDT. PST போட்டால் நமக்கு இரவு 9:30-க்கு வரும் ஆட்டத்தை 10:30 என்று காட்டும். டிவியைப் போடும்போது ஒரு மணி நேர ஆட்டம் போயிருக்கும். போன் காலண்டரில் நேர மண்டலமாக ஊர்ப்பெயரையே, Los Angeles என்று, கொடுப்பது பத்திரம்.

சாப்ட்பால் நடப்பது ஓக்லஹோமா சிட்டியில். உள்ளூர் நேரம் போட்டிருந்தால் அதற்கு 10½ மணி நேரம்தான் கூட்ட வேண்டும்.

சிங்கப்பூர், மலேசிய உறுப்பினர்களுக்கு 15 மணி நேரம்: காலை 9:00 ஆட்டம் அவர்களுக்கு நள்ளிரவு 12:00.