துலா இறங்க முப்பத்தெட்டு நிலை

மச்சான்,

தைப்பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் போடுகிறேன். கோபம் இருக்கும், தெரியும். வீட்டில் எல்லோரும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே, சின்னத்தான் வழக்கம்போலத்தான். உன் மகள் களிமண் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் போனில் படம் எடுக்கப் போகிறாள், செக்கனுக்கு எத்தனை பிரேம் வைக்கவேண்டும் என்று கேட்டிருந்தாய். நானும் அப்போதுதான் அதே வேலையைத் தொடங்கியிருந்தேன். அரைகுறையாக எதையாவது சொல்லிப் பிள்ளையின் லீவைக் கெடுக்க மனம் வரவில்லை. போன கிழமைதான் முடிந்தது. 41 செக்கன் படம். அப்பம்மா எங்கட கிணற்றில் துலாவால் தண்ணீர் அள்ளி உன் தலையில் ஊற்றுகிறா. ஆம், உன் தலையில்தான். அந்தச் சொட்டைத் தலையை அப்படியே வைத்திருக்கிறேன்.

முதலில் செக்கனுக்கு 24 என்று வைத்தேன். சினிமாவில் 24 என்பதால் அதுதான் சரி என்று நினைத்தேன். மூன்று இரவு இருந்து 8 செக்கன் எடுத்துப் போட்டுப் பார்த்தால், அப்பம்மா மெதுவாகக் குனியவேண்டிய இடத்தில் உடம்பு முழுக்க நடுங்குகிறது. காரணம் பிறகுதான் விளங்கியது. மெதுவான அசைவை 24ஆகப் பிரித்தால் ஒரு தடவைக்கு அரை மில்லிமீற்றர்தான் நகர்த்தவேண்டும். ஆனால் கைபடும்போது பொம்மை தானாகவே அதேயளவு பிசகிவிடுகிறது. பிசகும் அசைவும் ஒரே அளவானால் கண்ணுக்கு நடுக்கம்தான் தெரியும். எட்டும் வைத்துப் பார்த்தேன். அது மெதுவான இடங்களில் பரவாயில்லை, கை வீசினால் வெட்டி வெட்டி ஓடுகிறது.

பன்னிரண்டில்தான் நின்றேன். அதாவது படம் 24இல்தான் ஓடும், ஆனால் பொம்மையை ஒருமுறை அசைத்துவிட்டு இரண்டு படம் எடுப்பேன். செக்கனுக்கு 12 நிலை, 24 படம். படம் எடுக்கும் ஆப்பில் நேரடியாக 12 என்று வைத்தாலும் பார்க்க ஒன்றுதான். ஆனால் இரண்டிரண்டாக எடுத்தால், வேகமான இடம் வரும்போது அதே படத்துக்குள்ளேயே ஒவ்வொன்றாக மாறிக்கொள்ளலாம். வாளியைக் கவிழ்ப்பது அரைச் செக்கன். பன்னிரண்டில் அதற்கு ஆறு நிலைதான் கிடைத்தது, தண்ணீர் குதித்துக் குதித்து விழுந்தது. அந்த அரைச் செக்கனுக்கு மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் அசைத்துப் பன்னிரண்டு நிலை எடுத்தேன், சரியாக வந்தது. மொத்தம் 984 படம், 498 நிலை. மணித்தியாலத்துக்கு 25 நிலைதான் என் கைக்கு ஓடியது, ஆக இருபது மணித்தியாலம். மகளிடம் இந்தக் கணக்கை முதலே சொல். முதல் படத்துக்கு 15 செக்கன் காணும்.

இப்போது துலாவுக்கு வருகிறேன், மச்சான், இதில்தான் நான் கனநாள் மாட்டுப்பட்டேன். எங்கட துலாவைக் கழற்றிப் போட்டாயிற்று, அது உனக்குத் தெரியும். அதனால் ஒழுங்கைக் கடைசி வீட்டில் போய் நின்று, வாளி இறங்குவதைப் போனில் நேரம் பிடித்தேன். மூன்று செக்கனுக்குச் சற்றுக் கூட. அப்படியென்றால் 38 நிலை. என் துலா மூங்கில் சிம்பு, அச்சுக்கு ஓர் ஆணி, நுனி இறங்கும் வில் 18 சென்ரிமீற்றர். முதலில் அதை 38ஆல் சமமாகப் பிரித்துத் தடவைக்கு ஐந்து மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைய இறக்கினேன். போட்டுப் பார்த்தால் லிஃப்ட் இறங்குகிறது மாதிரி இருந்தது. துலாவுக்குப் பாரமே இல்லை.

மறுநாள் திரும்பப் போய்ப் பார்த்தேன். துலா உடனே வேகம் பிடிப்பதில்லை. மற்றப் பக்கத்துப் பாரத்தை வென்றுதான் அசையத் தொடங்குகிறது, வாளி தண்ணீரைத் தொடப்போகும்போது கை அதை அடக்குகிறது. ஆகவே முதல் எட்டு நிலைக்கு 1, 1, 2, 2, 3, 4, 5, 6 மில்லிமீற்றர். நடுவில் 22 நிலைக்கும் ஆறு ஆறு. கடைசி எட்டுக்கு முதல் எட்டின் தலைகீழ். கூட்டினால் அதே 180 மில்லிமீற்றர்தான், அதே 38 நிலைதான், நேரமும் அதே. ஆனால் இந்த முறை துலா பாரமாக இறங்கியது. அதைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ ஒன்றும் பேசாமல் திரும்பவும் போடச் சொன்னா. அளவுகளை ஒரு காகிதக் கீற்றில் குறித்து, கமராவுக்குத் தெரியாத பக்கமாக ஒட்டிவைத்தால் ஒவ்வொரு முறையும் அடிமட்டம் தேடத் தேவையில்லை.

வாளி தண்ணீரைத் தொட்டதும் எட்டு நிலைக்கு நிறுத்தினேன். அந்த நேரம் பொம்மையை ஒன்றும் செய்யாமல் விட்டால் உயிர் போனதுபோல நிற்கும், தலையை மட்டும் ஒன்றிரண்டு முறை சற்றுத் திருப்பு.

மற்றவை சுருக்கமாக. குயவர் களிமண் வேண்டாம், காய்ந்து வெடிக்கும். கடையில் விற்கும் பிளாஸ்டிசீன் வாங்கு. ஆனால் இங்கே பகல் வெக்கையில் அது இளகிக் கை தொங்கும், நான் பெரும்பாலும் இரவில்தான் எடுத்தேன், இளகினால் பத்து நிமிடம் பிரிட்ஜில். உள்ளே ஒன்றரை மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கி வை. தலை சிறிதாகவே இருக்கட்டும், பாதத்தை ரெஜிபோம் பலகையில் குண்டூசியால் குத்து, இல்லாவிட்டால் குனியும்போது விழும். ட்ரைபொட் கால் மூன்றையும் தரையில் டேப்பால் ஒட்டு. போனின் திரையைத் தொடாதே, வயருள்ள இயர்போனைச் செருகி அதன் சத்தம் கூட்டும் பட்டனை அழுத்தினால் பல போன்களில் படம் எடுக்கும். போன் பிளைட் மோடில் இருக்கட்டும், நடுவில் அழைப்பு வந்தால் கை தானாகப் போனை எடுத்துவிடும்.

வெளிச்சம்தான் என்னை அழவைத்தது. ஜன்னல் பக்கம் எடுத்த இருநூறு படமும் முகில் போய் வந்த மாதிரியே மினுங்கிக் கொண்டிருந்தன, எல்லாம் வீண். ஜன்னலைப் போர்வையால் மூடி இரண்டு மேசை விளக்கு வைத்தேன். அப்போதும் சிறு மினுக்கம். போன் ஒவ்வொரு படத்துக்கும் தானாக வெளிச்சத்தை அளப்பதுதான் பாதி காரணம், ஆகவே ஃபோகஸ், எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டவேண்டும். மீதிப் பாதி கரண்ட். நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், பல்ப் செக்கனுக்கு நூறு தடவை கூடிக் குறையும், ஷட்டரை 1/50 வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் சரியாக இரண்டு துடிப்புக் கிடைக்கும். பிறகு பார்த்தால் என் வெள்ளைச் சேர்ட்டின் வெளிச்சமும் படத்தில் விழுகிறது. கறுப்புச் சேர்ட் போட்டேன், தினமும் ஒரே இடத்தில் நின்றேன்.

இப்போது நீ எனக்கு ஒன்று சொல்லவேண்டும். கயிற்றை அப்பம்மா எந்தக் கையால் மேலே பிடிப்பா? நான் வலக்கை என்று செய்துவிட்டேன், அம்மா இடக்கை என்கிறா, பெரியத்தை வலக்கை என்கிறா. எங்கள் எல்லோரையும் விட அந்தக் கிணற்றடியில் குளித்தது நீதான். இடக்கை என்றால் சொல், மூன்று செக்கனையும் திரும்ப எடுக்கிறேன்.

உன் பக்கத்து வாங்கில் இருந்த நான்

(மகள் எடுக்கும் முதல் பன்னிரண்டு நிலையை அனுப்பச் சொல். ஒரு செக்கன் போதும், எங்கே நடுங்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.)