வாரண்டி அட்டை எழுதும் முன்: சிறு மின்சாதன இறக்குமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இறக்குமதியாளர்களே,

நீங்கள் விற்கும் மிக்சியும் கெட்டிலும் பழுதானால் கடைசியில் வந்து சேர்வது எங்கள் மேசைக்குத்தான். பழுதுபார்ப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். வேறொரு நிறுவனத்தின் வாரண்டி அட்டையைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றி அச்சடிப்பது உங்களில் பலருக்குப் பழக்கம். அந்த அட்டையில் நீங்கள் கொடுக்கும் வாக்கு, தொழிற்சாலை உங்களுக்குக் கொடுத்த வாக்கோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பொருந்தாது.

ஆயிரம் மிக்சிகள் உள்ள ஒரு கன்டெய்னரை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 10 அன்று கப்பல் ஏறுகிறது. தொழிற்சாலையின் வாரண்டி கப்பல் ஏறிய நாளிலிருந்து 12 மாதம். கடல் பயணம், சுங்கம், கிடங்கு எல்லாம் தாண்டி முதல் மிக்சி மார்ச் 10 அன்று விற்கிறது, கடைசி மிக்சி நவம்பர் 20 அன்று. வாடிக்கையாளருக்கு நீங்கள் தருவது பில் தேதியிலிருந்து ஓராண்டு. அடுத்த ஜனவரி 10 அன்று தொழிற்சாலை கை கழுவிவிடும். முதல் வாடிக்கையாளருக்கு அதற்குப் பிறகும் இரண்டு மாதம் பாக்கி, கடைசி வாடிக்கையாளருக்குப் பத்து மாதத்துக்கு மேல் பாக்கி. அந்த ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட முழு ஓராண்டும் தொழிற்சாலையின் பொறுப்பில் இல்லை. இடைவெளி முழுவதும் உங்கள் கைக்காசு.

இதற்காக வாடிக்கையாளரின் வாரண்டியைக் குறைக்காதீர்கள். பல நாடுகளில் சட்டமே அதற்கு இடம் தராது. தொழிற்சாலையிடம் 24 மாதம் கேளுங்கள். 18 மாதத்துக்குத்தான் சம்மதிப்பார்கள் என்றால், ஜூலை 10 வரை விற்றவை மட்டுமே முழுதாகப் பாதுகாப்பில் வரும் என்று கணக்கில் எழுதிக்கொண்டு, மீதிக்குப் பணம் ஒதுக்குங்கள். பழுதான மிக்சியைத் திருப்பி அனுப்பும் பேச்சே வேண்டாம். சரக்குக் கட்டணம் மிக்சியின் விலையை விழுங்கிவிடும். உங்களுக்கு வேண்டியது உதிரிபாகம், அதுவும் அதே கன்டெய்னரில்.

‘ஒரு சதவீதம் இலவச உதிரிபாகம்’ என்று ஒப்பந்தத்தில் பொதுவாக எழுதினால், எல்லாவற்றிலும் பத்துப் பத்து வந்து இறங்கும்: பத்து மோட்டார், பத்து மூடி, பத்து அடிப்பாகம். ஆனால் மிக்சியில் முதலில் போவது கப்ளர், அதாவது ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் பல்சக்கரம். அடுத்து ஜாரின் அடியிலுள்ள ரப்பர் சீல், பிறகு கார்பன் பிரஷ், சுவிட்ச். முதல் கன்டெய்னருக்கு எங்கள் ஊகம் இது: கப்ளர் 60, சீல் 60, பிரஷ் 30 ஜோடி, சுவிட்ச் 20, ஜார் 20, மோட்டார் 8. மூன்று மாதப் பழுதுப் பதிவைப் பார்த்து இதைத் திருத்துங்கள். பாகத்தின் பெயரோடு நிற்காமல் படம், அளவு, கப்ளரின் பல் எண்ணிக்கை, மரையின் திசை ஆகியவற்றையும் இணையுங்கள். தொழிற்சாலை அடுத்த தொகுதியில் சொல்லாமலே கப்ளரை மாற்றிவிட்டால் பழைய பெட்டியில் இருப்பது எதற்கும் பொருந்தாது. பெரும்பாலான மிக்சிகளில் கப்ளர் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும். இது தெரியாத கை முறுக்கினால் கப்ளரோடு மோட்டார் தண்டின் மரையும் போய்விடும். ஆகவே பழுதுபார்ப்பவருக்கு அரைப் பக்கக் குறிப்பாவது கொடுங்கள்.

இனி, எதற்கு வாரண்டி உண்டு, எதற்கு இல்லை என்ற பகுதி. ‘தவறாகப் பயன்படுத்தினால் செல்லாது’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். சண்டை தொடங்குவதே அந்த வரியில்தான். கழற்றிப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை எழுதுங்கள்.

எரிந்த மோட்டாரைப் பாருங்கள். மோட்டாருக்குள் சுழலும் பாகமான ஆர்மேச்சரின் சுருள்கள் எல்லாம் ஒரே சீராகக் கறுத்து, வார்னிஷ் பொரிந்திருந்தால், அதிகச் சுமையில் நெடுநேரம் ஓடியிருக்கிறது. மற்ற சுருள்கள் பழைய நிறத்திலேயே இருக்க, ஓரிரண்டு மட்டும் கருகி, கார்பன் பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரில் அதற்குரிய செப்புப் பட்டைகள் மட்டும் கறுத்திருந்தால், அந்தச் சுருளின் காப்பு பழுதடைந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கிறது. இந்த இரண்டாவது வகை தயாரிப்புக் குறை. எந்தக் கேள்வியும் கேட்காமல் மாற்றித் தர வேண்டியது. இரண்டுக்கும் இடையில் நிற்பவையும் வரும். அப்போது சந்தேகத்தின் பலன் வாடிக்கையாளருக்கு என்று கொள்கையிலேயே எழுதிவிடுங்கள், மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு முடிவெடுக்கத் துணிவு வரும். முதல் வகையில் கூட, தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பது மிக்சியின் மேலும் கையேட்டிலும் தெளிவாக இல்லையென்றால், மறுக்கும் தகுதி உங்களுக்கு இல்லை என்பது எங்கள் கருத்து.

கெட்ட பாகத்தைப் பார்க்காமல் காரணத்தைப் பார்த்து முடிவெடுங்கள். நான்காம் மாதம் ஒரு மிக்சி கரகரவென்ற சத்தத்தோடு வருகிறது. மேல் பேரிங்கில் துரு, கப்ளரைச் சுற்றி நீர் வழிந்து காய்ந்த தடம். ‘மோட்டாருக்குள் தண்ணீர், வாரண்டி இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவது எளிது. ஜாரில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஒரு காகிதத்தின் மேல் வையுங்கள். காகிதம் நனைந்தால் கசிந்தது உங்கள் சீல், மோட்டாரும் உங்கள் பொறுப்பு. ஜார் கசியவில்லை, மிக்சியின் அடிப்பக்கமும் நனைந்த தடமாக இருக்கிறது என்றால் யாரோ தண்ணீரில் கழுவியிருக்கிறார்கள். அப்போது மறுக்கலாம், படம் எடுத்துக் காட்டி.

ஓடவே இல்லை என்று வருபவற்றில் ஒரு பகுதி பழுதே அல்ல. சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சிவப்புப் பொத்தான் பல மிக்சிகளின் அடியில் இருக்கிறது. ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். இதைக் கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் புதைக்காமல், வயரில் கட்டிய அட்டையில் படமாகப் போடுங்கள், டீலருக்கும் சொல்லிவையுங்கள்.

நாள் கணக்கு, வாடிக்கையாளர் பொருளை டீலரிடம் ஒப்படைத்த நிமிடத்திலிருந்து ஓட வேண்டும். டீலர் கடையில் பத்து நாள் கிடந்ததற்கு வாடிக்கையாளர் என்ன செய்வார்? மூன்று நாளில் காரணம் சொல்வது, பத்து நாளில் சரிசெய்வது, பதினைந்தாம் நாளும் பாகம் இல்லையென்றால் புதியது தருவது என்பது உதிரிபாகப் பெட்டி கையில் இருப்பவருக்கு முடியக்கூடியதே. பில் தொலைந்தவருக்கு, வரிசை எண்ணிலுள்ள தயாரிப்பு வாரத்தோடு ஆறு மாதம் கூட்டி அதை விற்ற தேதியாகக் கொள்ளலாம். அந்த எண் அட்டைப் பெட்டியில் மட்டும் இருந்து பயனில்லை. மிக்சியின் அடியில், ஈரத்தில் உரியாதபடி இருக்க வேண்டும்.

புகை, மின்னதிர்ச்சி, பிளேடு கழன்றது ஆகிய மூன்றையும் வாரண்டிக் கணக்கில் சேர்க்காதீர்கள். காலம் முடிந்திருந்தாலும், பில் இல்லாவிட்டாலும் இலவசமாக வாங்கிப் பாருங்கள், வரிசை எண்ணோடு தனியே பதியுங்கள். ஒரே வாரத்தில் தயாரானவற்றில் இரண்டாவது வந்தாலே அந்தத் தொகுதியின் விற்பனையை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

இவை எல்லாவற்றையும் தொழிற்சாலை ஒத்துக்கொள்வது, முன்பணம் வாங்குவதற்கு முன்புதான். ஆகவே 24 மாதம், உதிரிபாகப் பட்டியல், பாகம் மாறினால் முன்கூட்டியே தெரிவிக்கும் கடமை, வரிசை எண் ஒட்டும் இடம் ஆகிய நான்கையும் ப்ரொஃபார்மா இன்வாய்ஸில் எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்தை அனுப்புமுன் பேக்கிங் லிஸ்டில் கப்ளர் 60 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெட்டி ஏறும்வரை பணத்தை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
வீட்டு மின்சாதனம் பழுதுபார்ப்பவர்கள்